பொங்கல் ஆறுவதற்குள் படம்: ஜன்னலா, எல்இடியா, ஃபிளாஷா?

மதுரையில் எங்கள் தெருமுனையில் மெஸ் நடத்தும் அக்கா ஒருவர், சுவரில் மாட்ட நாலு படமும் டெலிவரி ஆப்பில் போட ஆறு படமும் எடுத்துத் தரச் சொன்னார். ஒரு ராத்திரி, கடை மூடும் நேரத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். மேலே டியூப்லைட், எதிரே பச்சை பெயின்ட் அடித்த சுவர், வாழை இலையில் வெண்பொங்கல். வீட்டுக்கு வந்து பார்த்தால் பொங்கல் நோயாளி மாதிரி வெளிறிப் பச்சை பூத்துக் கிடந்தது, நெய் இருந்த இடமே தெரியவில்லை, ஆவி என்று ஒரு இழைகூட இல்லை. இத்தனைக்கும் தட்டு வந்தபோது கை வைக்க முடியாத சூடு.

அப்புறம் மூன்று விதமாக எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு காலை, இரவல் வாங்கிய எல்இடி விளக்கில் ஒரு மாலை, என்னிடமே இருந்த பழைய ஃபிளாஷில் இன்னொரு மாலை. இதில் எது யாருக்கு ஒத்துவரும் என்பதைத்தான் எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட உணவு பெரும்பாலும் வெண்பொங்கல்தான். வெள்ளையாக, உருவமில்லாமல், சீக்கிரம் இறுகிப்போகிற பொங்கலுக்கு ஒத்துவந்தது மற்ற பலகாரங்களுக்கும் ஒத்துவரும்.

விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆவியைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எந்த விளக்கு வாங்கினாலும் காசு வீண். உணவிலிருந்து கிளம்பும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது மேலே வந்து குளிர்ந்த காற்றில் பட்டுப் பொடிப்பொடி நீர்த்துளிகளாக மாறுகிறதே, அந்தத் துளிகளைத்தான் நாம் ஆவி என்கிறோம். சுற்றியுள்ள காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு துளிகள். ஊட்டியில் ஒரு கிளாஸ் டீ அரை அடி உயரத்துக்குப் புகைவதும், அதே டீ மே மாத மதுரையில் மத்தியானம் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். டீயின் சூடு ஒன்றுதான், காற்று வேறு. அன்று ராத்திரி மெஸ்ஸில் அடுப்பங்கரைக்குப் பக்கத்து மேசையில் எடுத்தேன், அங்கே காற்றே 35 டிகிரிக்கு மேல் இருந்திருக்கும், போதாததற்கு மின்விசிறி வேறு. ஆவி எங்கிருந்து தெரியும்?

சரி, துளிகள் உருவாகிவிட்டன என்றே வைப்போம். அவை கேமராவில் விழ வேண்டுமே. நீர்த்துளிகள் தம்மேல் படும் வெளிச்சத்தின் பெரும்பகுதியை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கும். அதனால் கேமரா பக்கமிருந்து வெளிச்சம் போட்டால் ஆவி கிட்டத்தட்ட மறைந்துபோகும், தட்டுக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வெளிச்சம் வந்தால் பளிச்சென்று எழும். அப்படியே எழுந்தாலும் பின்னணி வெள்ளைச் சுவராக இருந்தால் வெள்ளைமேல் வெள்ளை, ஒன்றும் தெரியாது. கறுப்பு சார்ட் பேப்பரோ பழைய தேக்குப் பலகையோ, இருட்டாக ஏதாவது ஒன்று பின்னால் வேண்டும், அதன்மேல் நம் விளக்கு நேராக விழவும் கூடாது.

இங்கேதான் ஒரு இழுபறி. தட்டு கடிகாரத்தின் நடுவில் இருக்கிறது, நீங்கள் 6 மணி முள் பக்கம் நிற்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் 9 மணிப் பக்கமிருந்து, மேசையிலிருந்து கொஞ்சமே உயரத்தில் வந்தால் ஒவ்வொரு பருக்கைக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் சின்ன நிழல். பொங்கல் குழைவாக, மிளகு தூக்கலாக, முந்திரி உருண்டையாகத் தெரியும். சாப்பிடத் தூண்டுவது இந்தச் சின்ன நிழல்கள்தான். ஆனால் ஆவிக்கு 9 மணி போதாது, அது 11, 12 மணி கேட்கிறது. 12-க்குப் போனால் ஆவி அருமையாக இருக்கும், பொங்கலின் நம்மைப் பார்த்த பக்கமோ இருண்டு மண்மேடு மாதிரி ஆகிவிடும். நான் கடைசியில் நின்ற இடம் 10-க்கும் பத்தரைக்கும் நடுவே. எதிரே 4 மணிப் பக்கம் ஒரு தெர்மாகோல் துண்டு, தட்டின் உயரத்துக்கு மேல் எழும்பாத மாதிரி தாழ்வாக. உயரமாக வைத்தால் அது திருப்பி அனுப்பும் வெளிச்சம் பின்னணியிலும் பட்டு ஆவியைக் கரைத்துவிடுகிறது. இந்தக் கோணத்தை எந்த விளக்கு சுலபமாகத் தருகிறது, தட்டு வந்தபிறகு எந்த விளக்கில் தொட வேண்டிய வேலை மிகக் குறைவு என்ற இரண்டை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோட்டேன். வெளிச்சத்தின் தரமெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஜன்னல். காசில்லை, பார்ப்பது அப்படியே படத்தில் வரும், போன் வைத்து எடுப்பவருக்கும் ஒத்துவரும். மெஸ்ஸின் மாடியில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. வடக்கு ஜன்னலில் வெயில் நேரடியாக விழாது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதை நம்பி ஜூன் மாதம் மேசையைப் போட்டுவிடாதீர்கள். நம் ஊரில் மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை சூரியன் சற்று வடக்குச் சாய்ந்து உதித்து வடக்குச் சாய்ந்தே மறைகிறது, அதனால் அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள்ளும் சாய்வாக வெயில் நுழையும். நுழைந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் போதும், நன்றாக வெளுத்தது, ஒற்றை மடிப்பாக. பழுப்பேறிய வேட்டி வேண்டாம், பொங்கல் நேற்றையது மாதிரி மஞ்சளடிக்கும். கரை வேட்டியானால் கரைப் பக்கத்தைத் தட்டுக்கு நேராக விடாதீர்கள், பச்சைக் கரையோ சிவப்புக் கரையோ அதன் சாயல் வெள்ளைச் சோற்றில் ஏறும்.

காலை எட்டரை மணிக்கு அந்த ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி மேசை போட்டேன். எஃப்/4, ஐஎஸ்ஓ 400, 1/125 வினாடி. அறையின் டியூப்லைட்டை அணைத்தாயிற்று, இதை மறக்கவே கூடாது, இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் பின்னால் எந்த எடிட்டிங்கிலும் சரியாகாது. ஜன்னலில் எனக்குப் பிடித்தது தட்டைச் சும்மா திருப்பலாம், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி 9 மணியைப் பத்தரை ஆக்கலாம், வயர் இல்லை, ஸ்டாண்ட் தடுக்கிவிடாது. பிடிக்காதது மேகம். நடுவில் ஒரு மேகம் வந்து வெளிச்சம் பாதியாகக் குறைந்தது, நான் அளவுகளை மாற்றி முடிப்பதற்குள் அந்தத் தட்டின் ஆவி போய்விட்டது. இன்னொரு சங்கடம், மெஸ்காரர்களுக்குக் காலை எட்டு முதல் பத்து வரைதான் கூட்டம். நல்ல வெளிச்சமும் நல்ல வியாபாரமும் ஒரே நேரம். அக்கா கீழே கல்லாவையும் மாடியில் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தம்பி, அது ஆறுறதுக்குள்ள வாயில போடுங்கப்பா, படம் எங்க ஓடியா போகுது?” என்றார்.

எல்இடி விளக்கில் வெளிச்சம் மாறாது, அதுதான் அதன் பெரிய பலம். 60 வாட் விளக்கு, முன்னால் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ் என்கிற இரண்டடிக்கு இரண்டடி துணிப்பெட்டி, பத்தரை மணிக் கோணத்தில், தட்டிலிருந்து இரண்டடியில். ஜன்னலைப் போலவே பார்ப்பதுதான் வரும், ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கும் வரும். கடை மூடியபின் ஆற அமர ஏற்பாடு செய்து, அளவுகளை ஒருமுறை பூட்டிவிட்டால் அடுத்த பத்துத் தட்டுக்கும் அதே அளவு. துணிப்பெட்டியைத் தட்டுக்கு நெருக்கி வைப்பதுதான் முக்கியம், ஆறடி தள்ளி வைத்தால் அது சின்ன விளக்காகிவிடும், நிழல் கத்தி வெட்டினாற்போல விழும்.

பலவீனம் இரண்டு. வீட்டில் மாட்டும் சாதாரண எல்இடி பல்பை வைத்து ஒப்பேற்றினால் சாம்பாரும் காரச் சட்னியும் செத்துப்போகும். மலிவு எல்இடிகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, அதனால் மிளகாய்ச் சிவப்பு செங்கல் பொடி மாதிரி ஆகிறது. நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு அளவு உண்டு, பெட்டியில் அது 95-க்கு மேல் என்று போட்டிருந்தால் வாங்கலாம், எதுவும் போடாவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாவது, மினுக்கல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக எரியும் மட்டமான விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது, 1/250-இல் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் 1/50-இல் ஆவி கோடுகோடாக நிற்காமல் பஞ்சு மாதிரி குழம்பிவிடுகிறது, அதனால் 1/100 வைத்துக்கொள்வதே மேல். சிலருக்குப் பஞ்சு பிடிக்கும், எனக்கு அது லென்ஸில் கை பட்ட மாதிரி இருக்கிறது.

ஃபிளாஷைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு அது சரிப்படவில்லை. ஆவியை அது உறைய வைப்பதுபோல வேறு எதுவும் வைக்காது. எட்டில் ஒரு பங்கு சக்தியில் எரியவிட்டால் வெளிச்சம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம்தான் இருக்கும், ஆவியின் ஒவ்வொரு சுருளும் நூல் போல விழும். எண்ணெயில் பொரியும் வடையை, ஊற்றும்போது சிதறும் சாம்பாரை எடுக்க வேண்டுமானால் இதுதான். ஆனால் எடுக்கும்வரை என்ன வரப்போகிறது என்று தெரியாது. அறையை இருட்டாக்கிவிட்டு, ஆவி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாமல், எடுத்து எடுத்துத் திரையில் பார்த்துக் கோணத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பத்து வினாடி போகிறது. பொங்கலுக்கு மொத்தம் இருப்பதே ஒரு நிமிடம் சொச்சம். போனில் எடுப்பவர்களுக்கு இந்த வழி கிடையவே கிடையாது, போனிலுள்ள ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே 6 மணியில் இருக்கிறது, ஆவியைக் கொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆக, போட்டி ஜன்னலுக்கும் எல்இடிக்கும்தான். அதை முடிவு செய்வதற்கு முன் ஆவி எங்கிருந்து வரப்போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது, இங்கேயும் வழிகள் நாலைந்து.

நிஜ ஆவியே நல்லது என்பது என் கட்சி, காரணம் அது உணவின் மேற்பரப்பு முழுவதிலிருந்தும் கிளம்புகிறது, அதை எதுவாலும் போலி செய்ய முடியாது. ஆனால் அதற்கு நாம் கொஞ்சம் உதவ வேண்டும். அறையில் ஏசி இருந்தால் அரை மணி முன்பே 20 டிகிரியில் ஓடவிட்டு, தட்டு உள்ளே வரும்போது அணைத்துவிட வேண்டும், ஓடிக்கொண்டே இருந்தால் காற்று ஆவியைக் கலைத்துவிடும். மாடியில் ஏசி இல்லாத நாளில் பொங்கலின் ஆவி அரை நிமிடம்கூடப் படத்தில் நிற்கவில்லை, பக்கத்து வீட்டு ஏசி அறையில் அதே பொங்கல் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நின்றது. பரிமாறும் தட்டைக் கொதிநீரில் முக்கித் துடைத்துவிட்டு அதில் வைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். அகன்ற சில்வர் தட்டைவிட ஆழமான கிண்ணத்தில் சூடு நிற்கும்.

இதில் நான் தாமதமாகக் கண்டுபிடித்த விஷயம் நெய். பொங்கல் என்றால் மேலே நெய் பளபளக்க வேண்டும் என்று முதலிலேயே தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். மேற்பரப்பில் நெய் ஒரு படலமாகப் பரவினால் அடியிலிருந்து ஈரம் ஆவியாவதை அது மூடிவிடுகிறது. சாம்பார்மேல் எண்ணெய் மிதந்தால் உள்ளே கொதித்தும் மேலே ஆவி வராததைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இப்போதெல்லாம் ஆவிப் படங்களை முதலில் எடுத்துவிடுகிறேன், அப்புறம் ஒரு தேக்கரண்டி உருக்கிய நெய்யை வெளிச்சம் வரும் பக்கமாக ஒரு ஓரத்தில் விடுகிறேன். ஜன்னல் அதில் வெள்ளைக் கீற்றாகப் பிரதிபலிக்கும், பளபளப்பு என்று நாம் சொல்வது அந்தக் கீற்றைத்தான். நெய் 30 டிகிரிக்குக் கீழே போனால் மங்கி உறைய ஆரம்பிக்கும், ஏசி அறையில் இது சீக்கிரமே நடக்கிறது, அதனால் நெய்க்கிண்ணம் கடைசிவரை வெந்நீரில் உட்கார்ந்திருக்கட்டும்.

இன்னொரு உபாயம், ஆவி அடங்கிவிட்டால் பொங்கலின் நடுவில் கரண்டியை விட்டு ஒரு பக்கமாகப் புரட்டுங்கள். உள்ளே இன்னும் கொதிக்கும் சூடுதான், புதிதாக ஒரு மூச்சு ஆவி கிளம்பும், பத்துப் பதினைந்து வினாடி தாராளமாகக் கிடைக்கும். இட்லியை இரண்டாகப் பிட்டாலும், வடையை உடைத்தாலும் இதே கதை. உடைத்த உணவு படத்துக்கு அழகாகவும் இருக்கிறது, யாரோ சாப்பிட உட்கார்ந்துவிட்ட மாதிரி.

வெளி ஆவிக்கு வருவோம். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு ஆவி பிடிக்கும் கருவி ஒன்று கிடக்கிறது, அதைத் தட்டுக்குப் பின்னால் மறைத்து வைப்பது பலர் செய்வது. வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரும். ஆனால் குக்கர் விசில் மாதிரி ஒரே தூணாக நேரே மேலே போகும், பார்த்தவுடன் தட்டுக்குப் பின்னால் ஏதோ எரிகிறது என்று தோன்றும். வாயை நேராக விடாமல் ஒரு அட்டையில் மோதவிட்டுப் பரப்பினால் கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. நடுநடுவே துப்பும், அந்தத் துளிகள் இலையில் விழுந்தால் அழகு, அப்பளத்தில் விழுந்தால் போச்சு. பஞ்சை நனைத்து மைக்ரோவேவில் ஒரு நிமிடம் சூடாக்கித் தட்டுக்குப் பின்னே வைப்பது இன்னொரு வழி, முழுதாக ஒரு நிமிடம்கூட வராது, ஆனால் பரவலாக, மென்மையாக வரும், எனக்கு இது கருவியைவிடப் பிடித்திருக்கிறது. கையில் எடுக்காமல் இடுக்கியால் எடுங்கள், கொதிநீர்ப் பஞ்சு விரலைப் பொத்துவிடும்.

ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டவே வேண்டாம். புகையின் துகள் நீர்த்துளியைவிட மிகச் சின்னது, அதனால் பின்வெளிச்சத்தில் நீலம் பூக்கும், ஆவி வெள்ளையாக இருக்கும். போதாததற்குப் பத்திப் புகை ஒரே புள்ளியிலிருந்து மெல்லிய கோடாகக் கிளம்பி மேலே போய்ச் சுருளும். பொங்கலுக்குப் பூஜை நடக்கிறது என்று நினைப்பார்கள். அந்தத் தட்டை அப்புறம் யாரும் சாப்பிடவும் முடியாது, மெஸ் அக்கா அதை மன்னிக்க மாட்டார். எடிட்டிங் ஆப்பில் ஆவியை ஒட்டுவதும் உண்டு. ஒரு படத்துக்கு ஏமாற்றலாம், ஆறு படத்திலும் அதே சுருள் அதே வளைவோடு எழுந்தால் சின்னப் பையன்கூடக் கண்டுபிடிப்பான்.

இப்போது வேகம். ஜன்னலோ எல்இடியோ, தட்டு வரும்முன் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், அதற்கு டம்மித் தட்டு ஒன்று தேவை. காலையில் ஆறிப்போன பொங்கலையே அதே கிண்ணத்தில், அதே அளவு வைத்து முன்கூட்டியே கோணம், அளவு, ஃபோகஸ் எல்லாம் சரி செய்துவிடுவது. நான் அன்று செய்த வரிசை இப்படி. கேமரா முக்காலியில், தட்டைப் பார்த்து ஏறத்தாழ 35 டிகிரி சாய்வில். நேர் மேலிருந்து எடுத்தால் ஆவிக்குப் பின்னால் இருட்டே கிடைக்காது, அது லென்ஸை நோக்கி வந்து கண்ணாடியில் படிந்துவிடும். டம்மியில் ஃபோகஸைப் பூட்டி, மேனுவலுக்கு மாற்றினேன். வெளிச்ச அளவை ஆட்டோவில் விடக் கூடாது, பின்னணி இருட்டாக இருப்பதால் கேமரா பதறிப்போய்ப் பிரகாசத்தைக் கூட்டும், பொங்கலின் வெளிச்சப் பக்கம் வெறும் வெள்ளையாகி விவரமே இல்லாமல் போகும். கொஞ்சம் குறைத்து வைத்தால் ஆவியும் நன்றாகப் பிரிந்து தெரிகிறது. கிண்ணம் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மேசையில் நாலு உளுந்து வைத்து அடையாளம் செய்தேன், சாக்பீஸ் என்றால் படத்தில் விழும்.

சட்னி, சாம்பார்க் கிண்ணம், வடை எல்லாம் முன்பே இடத்தில். இலையை மட்டும் கடைசியில் வைப்பது நல்லது, சூடு பட்டால் அது கறுத்து வதங்கும். இட்லிக்கு இலை போட்டால் இட்லியின் அடிப்பக்கம் பச்சை ஏறும் என்பதையும் கவனியுங்கள், இட்லிக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைத் தட்டு கொடுத்தால் தீர்ந்தது. மெஸ் பையன் அடுப்பிலிருந்து நேரே கிண்ணத்தில் போட்டு மூடி எடுத்து வந்தான், மூடி போட்டு வருவது முக்கியம், படியேறும் நேரத்தில் பாதி ஆவி போய்விடக் கூடாது. உளுந்துகளுக்கு நடுவே வைத்து, மூடியைப் பின்பக்கமாகத் திறந்ததும் ரிமோட்டை அழுத்தினேன். முதல் 20 வினாடியில் முப்பது படம் போல ஆயிற்று. அப்புறம் கரண்டியால் ஒரு புரட்டு, இன்னும் பத்துப் படம். அதன்பின் நெய், அந்தக் கீற்றோடு ஐந்தாறு. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் இருக்கும். மேல்பரப்பு இறுகி மங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன், அதற்குமேல் எடுத்த பொங்கல் படம் எதுவும் இதுவரை தேறியதில்லை. நாற்பத்தைந்தில் வைத்துக்கொண்டது இரண்டு. ஆவி எப்படி வளையும் என்பது நம் கையில் இல்லை, நிறைய எடுப்பது ஒன்றுதான் வழி.

போனில் எடுப்பவர்கள் இரண்டை அணைக்க வேண்டும். எச்டிஆர், இரவு மோட். இரண்டும் பல படங்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு படம் செய்கின்றன, அதற்குள் ஆவி நகர்ந்துவிடுவதால் தேவையில்லாத புள்ளிகள் என்று நினைத்துத் துடைத்துவிடுகின்றன அல்லது சாம்பல் பூசிவிடுகின்றன. ஆவி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தும் படத்தில் இல்லையென்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். புரோ மோட் இருந்தால் 1/125-ஐப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பொங்கலின் வெளிச்சப் பக்கத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, பிரகாசத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவோ போனோ, ஏசி அறையிலிருந்து நேரே அடுக்களைக்குள் கொண்டுபோனால் லென்ஸ் பனித்துவிடும், துடைக்கத் துடைக்கப் பனிக்கும், பத்து நிமிடம் சும்மா விட்டால்தான் தெளியும். இது தெரியாமல் ஒரு முழுச் செட்டு இட்லி எனக்குக் கைவிட்டுப் போயிருக்கிறது.

அப்படியானால் எது? ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி முடிந்துவிடும்: படம் எங்கே போகப்போகிறது. டெலிவரி ஆப்பில் அது கட்டைவிரல் அகலம்தான், அந்த அளவில் ஆவி ஒரு அழுக்குக் கறை மாதிரிதான் தெரியும். அதற்கு ஆவியே வேண்டாம், வெளிச்சத்தை 9 மணிக்கே வைத்து, நெய், மிளகு, முந்திரி தெளிவாகத் தெரிய எடுத்துவிட்டால் போதும், அவசரமும் பாதி குறையும். அக்காவின் ஆறு ஆப் படங்களை நான் ஜன்னலில், போனிலேயே எடுத்தேன், செலவு தெர்மாகோலுக்கு மட்டும். மூன்று நாளில் நாளுக்கு இரண்டாகக் கூட்டம் குறைந்த பதினோரு மணிக்கு எடுத்தோம், நேரம் ஒன்றாக இருந்ததால் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தது. வருடத்துக்கு ஒருமுறை மெனு மாற்றும் கடைக்கு எல்இடி வாங்குவது அதிகம் என்றே நினைக்கிறேன்.

சுவரில் மாட்டும் பெரிய படம் வேறு. அங்கே ஆவி தெரியும், அதுதான் ஆளை உள்ளே இழுக்கிறது. அதற்கு எல்இடியையும் ஏசி அறையையும் சேர்த்து எடுத்தது சரியாக இருந்தது, ஒரே தட்டை மூன்று முறை புதிதாக வைத்து எடுக்க வேண்டியிருந்தபோது வெளிச்சம் மாறாமல் நின்றது பெரிய நிம்மதி. ஜன்னலில் அந்த மூன்று முறைக்கும் மூன்று மேகம் வந்திருக்கும். வாரம் ஒருமுறை ஏதாவது போட வேண்டியிருப்பவர், மாலையில்தான் நேரம் கிடைக்கும் என்பவர், இவர்கள் எல்இடிக்குச் செலவழிக்கலாம். வாடகைக்குக் கிடைத்தால் முதலில் ஒருநாள் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபிளாஷ் ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்றுவிட வேண்டியதில்லை, வடை பொரிவதை எடுக்கும்போது எடுங்கள்.

பூரிதான் எதிலும் அடங்கவில்லை. எண்ணெயிலிருந்து எடுத்து ஒரு நிமிடத்துக்குள் அமுங்கிவிடுகிறது, மாடிப்படி ஏறி வருவதற்குள் தட்டையாகிவிடும். அதனால் பூரிக்கு மட்டும் மேசையையும் விளக்கையும் அடுக்களை வாசலுக்கே இறக்கினோம், ஆவியை மறந்துவிட்டு உப்பல் தெரிந்தால் போதும் என்று 9 மணிக் கோணத்தில் வைத்து. எட்டுப் பூரி போனது. ஏழாவது நன்றாக வந்தது, எட்டாவதை நான் சாப்பிட்டேன்.